பார்க்கவில்லை என்று எழுத ஓர் இடம்

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குச் செல்லக்கனி மாடிப்படி ஏறி வந்து கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றார். ரத்த வங்கியின் மூத்த டெக்னீஷியன். ஐம்பத்திரண்டு வயது. முழங்கால் வலிக்காக மாடிக்கே வராதவர். ஏதாவது வேண்டுமென்றால் இன்டர்காமில்தான் கூப்பிடுவார். ஷிபா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

“அக்கா, எப்பம் வந்தீங்க? அண்ணனுக்கு ஆபரேஷன் முடிஞ்சா?”

“அது முடிஞ்சு. ராவிலே திருவனந்தபுரத்துல இருந்து வந்தேன்.” மூச்சு வாங்கியது அவருக்கு. “மக்ளே, 1187 எப்படி லிஸ்டுல வந்து?”

“எந்த லிஸ்டு?”

“நோயாளிக்குக் குடுக்கலாம்னு உள்ள லிஸ்டு. வியாழக்கிழமை கேம்ப்புல எடுத்த ரத்த யூனிட் அது. நாப்பத்தொண்ணு எடுத்தோம். இப்பம் ஃபிரிட்ஜ்ல நாப்பதுதான் இருக்கு. 1187 வெள்ளிக்கிழமை ஒரு பிரசவக் கேசுக்குப் போயிருக்கு. நான் ஒண்ணுக்கும் இன்னும் டெஸ்டே போடல.”

ஷிபா உட்கார்ந்து திரையைத் திறந்தாள். தக்கலைப் பக்கத்தில் இருநூறு படுக்கைகள் கொண்ட அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என்றால் அவள் ஒருத்திதான். எம்.சி.ஏ. முடித்து, சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு ஊருக்குத் திரும்பியவள். ரத்த வங்கிக்கான நிரலை 2009 மார்ச்சில் அவள்தான் தனியாக உட்கார்ந்து எழுதினாள். இப்போது 2011 ஜூன். அதைப் பற்றி ஒரு புகாரும் இதுவரை வந்ததில்லை.

1187 என்று தட்டினாள். பி நெகட்டிவ். எடுத்த தேதி, வியாழன். நிலை, ‘வழங்கப்பட்டது’. சோதனை முடிவு என்ற கட்டத்தில் பச்சை நிறத்தில் ‘நெகட்டிவ்’ என்றிருந்தது.

“நெகட்டிவ்னு போட்டிருக்கே அக்கா,” என்றாள்.

“யாரு போட்டது?”

யாரும் போடவில்லை. அது ஷிபாவுக்குத் தெரியும்.

நிரலை முதலில் எழுதியபோது ஒவ்வொரு பைக்கும் ஐந்து சோதனைகளின் முடிவையும் தனித்தனியாகப் பதிய வேண்டும் என்றுதான் வைத்திருந்தாள். எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள்காமாலை, பால்வினை நோய், மலேரியா. ஒரு முகாமில் அறுபது பை வந்தால் முந்நூறு பதிவு. அதில் ஏறக்குறைய எல்லாமே ‘நெகட்டிவ்’. ஒரு மாதம் பார்த்துவிட்டுச் செல்லக்கனியே வந்து கேட்டார்: “இதுல ஒக்க நெகட்டிவ்தானே மக்ளே. அடிச்சு அடிச்சு விரலு வீங்குது. பாசிட்டிவ் வந்தா மட்டும் அடிக்கேன். மத்ததை நீயே நெகட்டிவ்னு எடுத்துக்கப்பிடாதா?”

ஷிபாவுக்கு அது சரி என்றே பட்டது. கல்லூரியில் படித்ததும் அதுதான். தரவுத்தளத்தில் எது இருக்கிறதோ அதுவே உண்மை, இல்லாதது பொய். உலகம் அந்த அட்டவணையோடு மூடிக்கொண்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் எழுதியிருக்கும் நேரப் பலகையில் பூதப்பாண்டிக்கு மூன்று பத்துக்கு பஸ் இல்லையென்றால், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது என்றுதான் அர்த்தம். ‘மூன்று பத்துக்கு பஸ் இல்லை, மூன்று பதினொன்றுக்கு பஸ் இல்லை’ என்று யாரும் பலகையில் எழுதி வைப்பதில்லை. அதே மாதிரி, பாசிட்டிவ் பைகளுக்கு மட்டும் ஓர் அட்டவணை. வழங்கலாம் என்ற பட்டியல் கேட்டால், எல்லாப் பைகளையும் எடுத்து, அந்த அட்டவணையில் இருப்பதைக் கழித்துவிட்டு மீதியைக் காட்டும். இரண்டே வரி. அழகாக வேலை செய்தது.

பஸ் பலகையை முழுதாக எழுதியாகிவிட்டது என்று யாரோ ஒருவர் உறுதி சொன்னால்தான் அந்தக் கணக்கு செல்லும். இங்கே அதைச் சொல்ல யாரும் இல்லை என்பது அன்று அவளுக்குத் தோன்றவில்லை.

“அக்கா, டெஸ்ட் போடாம இருந்தா இத்தன நாளும் எப்படி லிஸ்டுல வராம இருந்துது?”

“நான் டெஸ்ட் முடியாம எந்த யூனிட்டையும் கம்ப்யூட்டர்லே ஏத்த மாட்டேன். முடிஞ்ச பிறகுதான் நம்பர் அடிப்பேன். அப்பம் எப்படி வரும்?”

இரண்டு வருடமாக இந்த நிரலைக் காத்து வந்தது அந்தப் பழக்கம் ஒன்றுதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒன்று என்று நினைத்ததுமில்லை.

“வியாழக்கிழமை நான் அடிக்கல,” என்றார் செல்லக்கனி. “எச்.ஐ.வி. கிட்டு தீந்து போச்சு, மதுரையிலேருந்து வண்டி வரல. எல்லா டெஸ்டையும் வந்து ஒண்ணாப் போடலாம்னு உள்ள ஃபிரிட்ஜ்ல வச்சிட்டு நான் சாயங்காலம் பஸ் ஏறிட்டேன். பின்ன யாரு ஏத்தினது?”



“நான்தான் அக்கா.”

வியாழக்கிழமை மாலை டிரஸ்டுக்கு முகாம் அறிக்கை போக வேண்டும் என்று சூப்பரின்டென்டென்ட் டாக்டர் யூஜின் கேட்டிருந்தார். எத்தனை பேர், எந்தெந்த குரூப். செல்லக்கனி அக்கா லீவில் போயிருக்கிறாரே, உதவியாக இருக்கட்டும் என்று கொடையாளர்களின் படிவங்களை வாங்கி வந்து நாற்பத்தொரு பைகளையும் அவளே உட்கார்ந்து பதிந்தாள். அரை மணி நேர வேலை. அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த அரை மணி நேரத்தில் நாற்பத்தொரு பைகளும் ‘நெகட்டிவ்’ ஆகியிருந்தன.

*

கீழே ரத்த வங்கியில் டெனிஷ் இருந்தான். செல்லக்கனியின் லீவுக்காக நாகர்கோவிலில் இருந்து தற்காலிகமாக வந்த டெக்னீஷியன். பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவன். விஷயத்தைக் கேட்டதும் வேகமாகச் சொல்லத் தொடங்கினான்.

“சிசேரியன் முடிஞ்சு பிளீடிங் நிக்கல. பி நெகட்டிவ் உடனே வேணும்னு தியேட்டர்ல இருந்து போன். ஸ்கிரீன்ல பாத்தேன், ஒரே ஒரு யூனிட் காட்டிச்சு. டெஸ்ட் முடிஞ்சதை வைக்கிற வெளி ஃபிரிட்ஜ்ல இல்ல, உள்ள இருந்துது. மாத்தி வைக்க மறந்திருப்பாங்கன்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு ரத்தத்தோட சேருதான்னு கிராஸ்மேட்ச் எல்லாம் ஒழுங்காப் போட்டேன் அக்கா. நான் முன்ன இருந்த இடத்துல டெஸ்ட் முடியாத யூனிட் ஸ்கிரீன்லயே வராது.”

அலமாரியில் இருபது நிமிடத்தில் எச்.ஐ.வி. முடிவு சொல்லும் ரேபிட் அட்டைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. திரை ‘தெரியாது’ என்று சொல்லியிருந்தால் டெனிஷ் அதில் ஒன்றைப் பிரித்திருப்பான்.

செல்லக்கனி 1187-இன் மாதிரிக் குழாயை எடுத்து ஒரு ரேபிட் அட்டையில் சொட்டுவிட்டார். மூவரும் நின்றுகொண்டே பார்த்தார்கள். முதல் கோடு உடனே வந்தது. அது எப்போதும் வருவது; இரண்டாவதும் வந்தால் பாசிட்டிவ். எட்டாவது நிமிடம் இரண்டாவது கோடு மங்கலாகத் தொடங்கி, பதினைந்தாவது நிமிடத்தில் முதல் கோட்டைப் போலவே தடித்திருந்தது.

செல்லக்கனி இன்னொரு கம்பெனியின் அட்டையைப் பிரித்தார். அதிலும் அதே.

“கர்த்தாவே,” என்றார் மெதுவாக. பிறகு புதிதாக வந்திருந்த கிட்டைத் திறந்து, நாற்பத்தொன்றுக்கும் எலைசா சோதனை போட உட்கார்ந்தார். அது முடிய மூன்று மணி நேரம் ஆகும்.

ஷிபா வழங்கல் புத்தகத்தைப் பார்த்தாள். டெல்சி, இருபத்தொன்பது, குறும்பனை. வெள்ளி மதியம் ஒன்று நாற்பதுக்கு ரத்தம் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். பெண் குழந்தை. இரண்டாம் மாடி, பன்னிரண்டாம் எண் அறை.

*

டாக்டர் யூஜின் கெட்ட மனிதர் அல்ல. விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கடிகாரம் பத்தேகாலைக் காட்டியது.

“ரேபிட்டை மட்டும் நம்ப முடியாது,” என்றார். “தப்பாக் காட்டும். எலைசா முடியட்டும். அதுவும் பாசிட்டிவ்னா நாகர்கோவிலுக்கு அனுப்பி உறுதி பண்ணலாம். நாளைக்கு மத்தியானம் தெரிஞ்சிடும். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். பிரசவிச்ச பொண்ணு, தப்பான தகவலைச் சொல்லி அது ஏதாவது பண்ணிக்கிட்டா?”

“சார், தடுப்பு மருந்து இருக்குல்லியா? ஊசி குத்தின நர்சுகளுக்குக் குடுப்பாங்களே,” என்றாள் ஷிபா.

“அது எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள. அதுவும் ஊசி குத்தினதுக்கு. இது ஒரு பை ரத்தம்மா.”

“எழுபத்திரண்டு மணி நேரம் இன்னைக்கு ஒண்ணு நாப்பதுக்கு முடியுது சார்.”

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கு,” என்றாள்.

“உறுதியாகாம எப்படிச் சொல்றது ஷிபா? இப்ப நம்மகிட்ட உறுதியான ரிசல்ட் இல்ல.”

“ரிசல்ட் இல்லன்னா நோயே இல்லன்னு எடுத்துக்கிடுதோம். என் புரோகிராம் அதைத்தானே சார் செஞ்சு? ரிசல்ட் இல்லாததை நெகட்டிவ்னு சொல்லிச்சு. இப்பம் நாமளும் அதையே சொல்லுதோம்.”

தான் இப்படிப் பேசக்கூடும் என்று அவளுக்கே தெரியாது. டாக்டர் அவளையே பார்த்தார். டிரஸ்டின் செயலாளருக்கு ஒரு போன் செய்தார். அந்தப் பக்கம் நீளமாகப் பேசினார்கள். ‘சரி சார், சரி சார்’ என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியே பதினொன்றரை ஆனது.

“நாகர்கோவில்ல இந்த மருந்து குடுக்கற சென்டர் டாக்டரை எனக்குத் தெரியும்,” என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்வதுபோல. போனை எடுத்தார். இந்த முறை பேச்சு இரண்டு நிமிடம்தான். வைத்துவிட்டு எழுந்தார்.

“வெயிட் பண்ணாதேங்கறார். முதல்ல தொடங்கு, பிறகு உறுதி பண்ணு, வேண்டாம்னா நிறுத்திக்கலாம்னார். மருந்து வாங்க ஜீப்பை அனுப்பு.”

*

டெல்சியின் கணவன் ஜேசுதாஸ் குளச்சலில் விசைப்படகில் வேலை பார்ப்பவன். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. மூன்று நாளாகக் கடலுக்குப் போகவில்லை. டாக்டர் அறைக்குள் வந்து நின்றபோது ஏதோ பில் பாக்கி என்று நினைத்திருப்பான் போல; சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டே வந்தான்.

டாக்டர் சொன்னார். சுற்றி வளைக்காமல்தான் சொன்னார். ஏற்றிய ரத்தத்தில் கிருமி இருக்கலாம், பெயர் இது, மருந்து வந்துகொண்டிருக்கிறது, இன்றே தொடங்க வேண்டும், இருபத்தெட்டு நாள் சாப்பிட வேண்டும், குழந்தைக்குத் தாய்ப்பாலை இப்போதே நிறுத்த வேண்டும். ஜேசுதாஸ் எல்லாவற்றையும் கேட்டான்.

“டெஸ்ட் செய்யாம ஏத்தினியளா?” என்றான் பிறகு.

“செய்ததாக் காட்டிச்சு,” என்றார் டாக்டர்.

“எங்க காட்டிச்சு?”

ஷிபா சுவரோரமாக நின்றிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருந்தாள். “கம்ப்யூட்டர்ல அண்ணா. நான் எழுதின புரோகிராம். நோய் இருந்தா மட்டும் அதுல எழுதுவோம். எழுதலன்னா நோய் இல்லன்னு அது எடுத்துக்கிடும்.”

அவன் அவள் பக்கம் திரும்பினான். கோபம் இன்னும் வரவில்லை. புரிந்துகொள்ளப் பார்க்கிறவனின் முகமாக இருந்தது.

“பாத்து இல்லன்னாலும் அப்படித்தான் காட்டுமா? பாக்கவே இல்லன்னாலும் அப்படித்தான் காட்டுமா?”

“ஆமா.”

“பாக்கலன்னு எழுத ஒரு எடம் இல்லியா அதுல?”

“இல்ல அண்ணா.”

“அது என்ன எழுத்து,” என்றான் அவன். அதற்கு மேல் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. டாக்டரோடு பன்னிரண்டாம் எண் அறைக்கு நடந்தான். ஷிபா கூடப் போகவில்லை. படிக்கட்டில் நின்றிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த அறையிலிருந்து குழந்தை அழும் சத்தம் வந்தது. பால் குடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்திருப்பார்கள். அந்த அழுகை நெடுநேரம் நிற்கவில்லை.

ஜீப் திரும்பி வரும்போது இரண்டு மணி. வில்லுக்குறியில் லாரி ஒன்று கவிழ்ந்து வழி அடைத்திருந்தது. டெல்சி முதல் மாத்திரையை விழுங்கியபோது மணி இரண்டு பத்து. அரை மணி நேரம் தாமதம். அதனால் பெரிய வித்தியாசம் இல்லை, அது கத்தி வெட்டின மாதிரி கணக்கு இல்லை என்று டாக்டர் சொன்னார். எலைசா அதற்குள் முடிந்திருந்தது. நாற்பத்தொன்றில் நாற்பது சுத்தம். 1187 மட்டும் பாசிட்டிவ்.

அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் முகாம் நடந்த கல்லூரியில் பஸ் ஓட்டுகிறவர். மாணவர்கள் கொடுக்கும்போது தானும் கொடுக்கலாமே என்று வரிசையில் நின்றவர். அவரையும் அவர் மனைவியையும் மறுநாள் நாகர்கோவிலுக்கு அழைத்துப் பேசினார்கள். அவர் தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாராம். மனைவிக்கும் இருந்தது.

*

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஷிபாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இதுவரைக்கும் வேற எத்தனை யூனிட் டெஸ்ட் இல்லாமப் போயிருக்குன்னு உன் கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்ல முடியுமா?”

முடியாது. அதுதான் அவளை ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் செய்தது. இரண்டேகால் வருடத்தில் பைகள் நாலாயிரத்து முந்நூற்று ஆறு. பாசிட்டிவ் அட்டவணையில் எழுபத்தொரு பை. மிச்சம் நாலாயிரத்து இருநூற்று முப்பத்தைந்தையும் எப்படிக் கேட்டாலும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும். சோதித்து நெகட்டிவ் ஆனதற்கும் சோதிக்காமல் விட்டதற்கும் அங்கே வித்தியாசமே கிடையாது. இரண்டும் ஒரே வெறுமை. எழுதாமல் விட்ட ஒன்றை எந்தக் கேள்வியாலும் திரும்ப எடுக்க முடியாது.

ஆனால் எலைசா கருவி ஒவ்வொரு முறையும் ஒரு தாள் அச்சடித்துத் தரும். செல்லக்கனி அவற்றைக் கோப்பில் குத்தி வைத்திருந்தார். இருவரும் கான்பரன்ஸ் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பை எண்ணையும் தாளில் தேடி டிக் போட்டார்கள். ஒன்பது நாள். செல்லக்கனி எண்ணை வாசிப்பார், ஷிபா குறிப்பாள். அதற்குள், டெல்சியின் பெயர் இல்லாமல், பத்திரிகையில் வந்துவிட்டது. வாசலில் இரண்டு நாள் கூட்டம் நின்றது. சுற்று ஊர்களிலிருந்து வேனில் வந்த பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். ரத்த வங்கியின் கதவில் அதிகாரிகள் சீல் வைத்தார்கள். டெனிஷை முதல் நாளே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் முடிவில் பதினொரு பைகள் மிஞ்சின. 2009 டிசம்பர் கடைசி வாரம். அவற்றுக்குத் தாள் இல்லை. தினப் பதிவேட்டில் ‘11 பை’ என்று செல்லக்கனியின் கையெழுத்து மட்டும் இருந்தது.

“போட்டீங்களா அக்கா?”

“போட்டிருப்பேன்.”

“போட்டீங்களா?”

“போட்டிருப்பேன் மக்ளே. போடாம நான் ஏத்த மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?” செல்லக்கனி கோப்பை மறுபடி மறுபடி புரட்டினார். “தாளு கீறிப் போயிருக்கும். பிரின்டர் மக்கர் பண்ணியிருக்கும். அந்தக் கிறிஸ்மஸுக்கு எனக்குக் காய்ச்சல்.” பிறகு கோப்பை மூடிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “ஓர்ம இல்ல மக்ளே. சத்தியமா ஞாபகம் இல்ல.”

தாள் இல்லாததற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியவில்லை. பதினொரு கொடையாளர்களையும் தேடினார்கள். ஒன்பது பேர் வந்து மறுபடி ரத்தம் கொடுத்தார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை. பத்தாவது ஆள் சவூதியில் இருந்தார். அங்கே எடுத்த மெடிக்கல் அறிக்கையை அவருடைய தம்பி கொண்டுவந்து காட்டினார், அதிலும் ஒன்றுமில்லை. பதினொன்றாவது ஆள் கொடுத்திருந்த முகவரியில் யாரும் இல்லை. போன் எண் வேறு யாருக்கோ போயிருந்தது. அந்தப் பை ஏறிய முதியவர் அதே வாரம் இறந்திருந்தார், விபத்துக் காயத்தில். அந்த ஒன்று அப்படியே நின்றது.

ஷிபா நிரலைத் திருத்தி எழுதினாள். ரத்த வங்கி பூட்டிக் கிடந்தது, ஆனாலும் எழுதினாள். இனி ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி. யார் செய்தது, எந்த நாள், எந்த கிட், என்ன முடிவு. ஐந்து நெகட்டிவ் வரிகளும் இருந்தால்தான் பை பட்டியலில் வரும். ஒன்று குறைந்தாலும் வராது. இல்லாததை வைத்து முடிவெடுப்பது இதிலும் உண்டுதான். ஆனால் இப்போது வரி இல்லையென்றால் பை ஃபிரிட்ஜிலேயே இருக்கும், யார் உடம்பிலும் ஏறாது.

டிரஸ்டின் மேனேஜர் ஒருவர் மாடிக்கு வந்து, பழைய பைகளுக்கும் அந்த வரிகளைப் போட்டுவிடச் சொன்னார். “எல்லாம் நெகட்டிவ்தானே? விசாரணைக்கு வர்றவங்க பார்த்தா நிறைவா இருக்கணும்.”

“தாள் இருக்கதுக்குப் போடுவேன் சார். அந்தப் பன்னெண்டுக்குப் போட மாட்டேன்.”

“பதினொண்ணுன்னு சொன்னாங்க.”

“1187-ஐயும் சேர்த்து. அதை ஏத்தும்போது ரிசல்ட் இல்ல. இப்பம் உள்ள ரிசல்ட்டை இப்பத்த தேதியில போடுதேன். வெள்ளிக்கிழமைத் தேதியில போட மாட்டேன்.”

விசாரணை அதிகாரியிடம் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தாள். பாசிட்டிவை மட்டும் பதிவது என்று முடிவெடுத்தவள் தான், முகாம் பைகளைப் பதிந்தவளும் தான், டெனிஷ் திரை சொன்னதைத்தான் செய்தார். செல்லக்கனியின் பழக்கத்தைப் பற்றியும் எழுதினாள். கையெழுத்துப் போடும்போது, இதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள். மாதக் கடைசியில் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். டெனிஷைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

*

டெல்சிக்கு ஆறாவது வாரம் எடுத்த சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் பாசிட்டிவ் வந்தது.

செய்தியைச் செல்லக்கனிதான் போனில் சொன்னார். ஷிபா அப்போது மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அதன்பிறகு குறும்பனைக்குப் போக வேண்டும் என்று பல தடவை நினைத்து, டிசம்பரில்தான் போனாள்.

கடற்கரையிலிருந்து மூன்றாவது வரிசையில் வீடு. ஜேசுதாஸ் கடலில் இருந்தான். டெல்சி வாசலில் நின்று அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் இருந்தவள் என்று ஷிபா சொன்னதும் யாரென்று தெரிந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. ஷிபா உள்ளே போய் நின்றாள். தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் பால்பவுடர் டப்பாக்கள்.

“மன்னிக்கணும்னு சொல்ல வரலை,” என்றாள் ஷிபா.

“பின்ன எதுக்கு வந்திய?”

ஷிபா தொட்டிலைப் பார்த்தாள்.

“எனக்கு உங்களைப் பாத்தா பத்திக்கிட்டு வருது,” என்றாள் டெல்சி. சத்தமில்லாமல் சொன்னாள், குழந்தை இருப்பதால். “ஏன் பால் குடுக்கலன்னு பக்கத்து வீட்டுலே கேட்டாவ. சுரக்கலன்னு சொன்னேன். எனக்கு இந்த நோய் இருக்குன்னு இத்தனை நாளும் யாருக்கும் தெரியாது, இப்பம் எல்லாவருக்கும் தெரியும். என் குடத்தைக் குழாயில தனியா மாத்தி வைக்காவ.”



டெல்சி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். அதிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள். “நீங்க படிச்சவிய. இதைப் பாத்துச் சொல்லுங்க. பிள்ளைக்கு இல்லன்னு சொல்லுதாவ. அது பாத்துட்டுச் சொல்லுததா? இல்ல உங்க ஆஸ்பத்திரி மாதிரியா?”

ஷிபா தாளை வாங்கி ஜன்னல் பக்கம் போனாள். ஆறாம் மாதம் எடுத்தது. குழந்தையின் பெயர், வயது. மாதிரி எடுத்த தேதி, சோதித்த தேதி. சோதனையின் பெயர். முடிவு: நெகட்டிவ். கீழே இருவரின் கையெழுத்து, முத்திரை. ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்து வாசித்தாள். எல்லாம் நிரம்பியிருந்தன.

“பாத்திருக்காங்க,” என்றாள். “பாத்துட்டுத்தான் எழுதியிருக்காங்க. பிள்ளைக்கு இல்ல.”

“நிச்சயமா?”

“இந்தத் தேதி வரைக்கும் நிச்சயம். ஒன்றரை வயசுல இன்னொரு தடவை பாக்கணும்னு கீழ எழுதியிருக்கு. அப்பமும் போங்க. தாளை வாங்கிப் பாக்காம வந்திராதீங்க.”

டெல்சி தாளை வாங்கி அவளும் ஒருமுறை பார்த்தாள். எழுத்துக் கூட்டுகிறவளைப்போல அந்த ஒரு சொல்லின் மேல் நெடுநேரம் கண்ணை வைத்திருந்தாள். பிறகு உறைக்குள் வைத்தாள். குழந்தை சிணுங்கியது; தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டியபடி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“இனி வராதீங்க,” என்றாள், திரும்பாமலே.

ஷிபா செருப்பைப் போட்டுக்கொண்டு மணலில் நடந்தாள். நேரப் பலகை இல்லாத பஸ் நிறுத்தத்தில் மீன்கூடையோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். மார்த்தாண்டம் பஸ் எப்பம் என்று கேட்டாள். வரும், நில்லுங்க என்றார்கள்.